எட்டு பிட் எண்ணின் குறியை நீக்கும் சர்க்யூட்

-37 உள்ளே போனால் 37 வெளியே வர வேண்டும்; 37 போனால் அப்படியே வர வேண்டும். இதைச் செய்ய, எண் எதிர்மமா என்று சோதித்து இரண்டு வழியாகப் பிரிக்கத் தேவையில்லை. ஒரே வழியில் எல்லா எண்களையும் அனுப்பலாம். எதிர்மம் என்றால் மட்டும் அந்த வழி எண்ணை மாற்றும்.

இரண்டின் நிரப்பு முறையில் எழுதிய எண்ணின் குறியை மாற்ற, எல்லா பிட்டையும் தலைகீழாக்கி ஒன்றைக் கூட்டுவோம். எக்ஸ்ஆர் கேட்டின் ஓர் உள்ளீட்டில் 0 கொடுத்தால் மற்ற உள்ளீடு மாறாமல் வெளிவரும். 1 கொடுத்தால் தலைகீழாகும். ஆகவே குறியைச் சொல்லும் A7 பிட்டையே எல்லா எக்ஸ்ஆர் கேட்டுக்கும் ஓர் உள்ளீடாகக் கொடுக்கிறோம். பிறகு கூட்ட வேண்டிய ‘ஒன்று’ம் அதே A7தான். எதிர்மம் என்றால் 1 கூடும். இல்லையென்றால் 0 கூடும்.

```
A = 11011011    -37
X = 00100100     36   (A xor A7)
Y = 00100101     37   (X + A7)
```

இதில் A7-க்குத் தனி எக்ஸ்ஆர் வேண்டாம். தன்னோடு தானே எக்ஸ்ஆர் ஆனால் விடை எப்போதும் 0. எனவே ஏழு கேட் போதும். மிகக் கீழ் பிட்டிலும் ஒரு அழகு உண்டு: A0 ஒரு முறை தலைகீழாகி, ஒன்று கூடும்போது மறுபடி தலைகீழாகிப் பழைய நிலைக்கே வந்துவிடும். ஒற்றைப்படை எண்ணின் குறியை மாற்றினாலும் அது ஒற்றைப்படையாகத்தானே இருக்கும்!

ஒன்றைக் கூட்டும் பகுதிதான் இன்க்ரிமென்டர். அரைக்கூட்டிகளை வரிசையாகக் கோத்தால் இது கிடைக்கும். ஒவ்வொரு பிட்டிலும் ஒரு எக்ஸ்ஆர் விடையைத் தரும். ஒரு ஆண்ட் கேட் கேரியை அடுத்த பிட்டுக்கு அனுப்பும். கேரி ஒவ்வொரு கேட்டாகத் தாண்டிப் போவதால் நேரம் பிடிக்கும். -64 கொடுத்தால் X, 00111111 ஆகிறது. கேரி நகர நகர, வெளியீடு 62, 60, 56, 48, 32, 0 என்று இறங்கி, கடைசியில்தான் 64-ல் நிற்கும். கேட்டுக்குச் சில நானோ நொடிகள்தான் என்றாலும், அந்த இடைவெளியில் விடையைப் படித்தால் தவறான எண்தான் கிடைக்கும். கேரி கடைசி பிட்டை அடைந்த பிறகே லாட்ச் செய்ய வேண்டும்.

பிரெட்போர்டில் கட்டுவதற்கு, அரைக்கூட்டிகளைவிட இரண்டு 74HC283 நான்கு பிட் கூட்டிகள் வசதி. எக்ஸ்ஆருக்கு இரண்டு 74HC86; ஆக மொத்தம் நான்கு சிப். கூட்டியின் B உள்ளீடுகள் எட்டையும் கிரவுண்டில் இணைக்க வேண்டும். X7-ம், 74HC86-ல் மிஞ்சும் எட்டாவது கேட்டின் உள்ளீடுகளும் கிரவுண்டுக்கே. B உள்ளீடுகளையோ X7-ஐயோ அந்தரத்தில் விட்டால், கையை அருகில் கொண்டுபோனாலே விடை மாறும். கீழ்க் கூட்டியின் C0-க்கு (7-ம் பின்) A7 வர வேண்டும். அதன் C4 (9-ம் பின்), மேல் கூட்டியின் C0-க்குப் போக வேண்டும்.

பிழை எங்கே என்பதை விடையே காட்டிக்கொடுக்கும். -1 கொடுத்தால் 0 வருகிறதா? கீழ்க் கூட்டியின் C0 கிரவுண்டில் இருக்கிறது. +5 கொடுத்தால் 6 வருகிறதா? அதே பின் 5 வோல்ட்டில் நிலையாக மாட்டியிருக்கிறது. இவை இரண்டும் உடனே கண்ணில் படும்.

கண்ணில் படாத பிழை, இரண்டு கூட்டிகளுக்கும் இடையிலான கேரி கம்பி. அது விட்டுப்போய், மேல் கூட்டியின் C0 கிரவுண்டில் இருந்தால், -37 சரியாக 37 என்றே வரும். -1, -5, -100 எல்லாம் சரியாகவே வரும். ஆனால் -16 கொடுத்தால் 0; -32 கொடுத்தால் 16. கீழ் நான்கு பிட்டும் சுழியமாக உள்ள எதிர்ம எண்களில் மட்டும்தான் கேரி அந்தக் கம்பியைத் தாண்டும். 256 எண்களில் அப்படிப்பட்டவை எட்டுதான். எட்டிலும் விடை 16 குறையும். ஆகவே சோதிக்கும்போது -16-ஐ விட்டுவிடக் கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும் இடறுவது -128. 10000000 தலைகீழாகி 01111111 ஆகும்; ஒன்று கூடினால் மறுபடி 10000000. இது கம்பிப் பிழை அல்ல. குறியுள்ள எட்டு பிட்டில் +128-க்கு இடமே இல்லை. வெளியீட்டைக் குறியில்லாத எண்ணாக எடுத்துக்கொண்டால் இதுவே 128, சரியான விடை. அடுத்த நிலை குறியுள்ள எண்ணை எதிர்பார்த்தால், Y7-ஐப் பயன்படுத்திக்கொள்ளலாம்: வேறெந்த உள்ளீட்டுக்கும் அது 1 ஆவதில்லை. கீழ் ஏழு பிட்டையும் Y7-உடன் ஆர் கேட்டில் சேர்த்து, Y7 இருந்த இடத்தில் 0 வைத்தால், -128-க்கு மட்டும் 127 வரும். மற்ற விடைகள் எதுவும் மாறாது.