பாதி வழியில ப்ராஜெக்ட் அடி வாங்கினா டீம்கிட்ட என்ன பேசறது?

ப்ராஜெக்ட் பாதியில பெருசா ஒரு அடி விழுந்ததும் நிறைய மேனேஜர்ஸ் டீமை கூப்பிட்டு "நம்மால முடியும், இன்னும் கொஞ்சம் புஷ் பண்ணுவோம்"னு பேசிடறாங்க. களைச்சுப் போன ஆளுங்க காதுல அது "இனிமே லீவு நாளும் வேலைதான்"னு விழும். அதனால டீம்கிட்ட பேசறதுக்கு முன்னாடி, எதை குறைக்கலாம்னு ப்ராஜெக்டுக்கு பணம் ஒதுக்கற ஸ்பான்சர்கிட்ட பேசி முடிச்சிடணும், என் அனுபவத்துல பேச்சோட பாதி வேலை அங்கயே முடிஞ்சிடும்.

நான் பாத்த ஒரு பில்லிங் சிஸ்டம் ப்ராஜெக்ட், மொத்தம் 8 மாசம். நாலாவது மாசக் கடைசில பழைய டேட்டாவ புது சிஸ்டத்துக்கு மாத்தி ஒத்திகையா ஒரு மாக் ரன் போட்டோம், ரெக்கார்ட் எண்ணிக்கை சரியா இருந்துச்சு, ஆனா பாக்கித் தொகை டேலி ஆகல. தோண்டிப் பாத்தா, அக்கவுண்ட் நம்பர் மாறின கஸ்டமர்ஸ் பழைய நம்பர்ல கட்டின பணம் அங்கயே இருக்கு, மூடின நம்பர் எதுவும் வேணாம்னு டேட்டா மாத்தற ரூல்ல இருந்ததால அது புதுசுக்கு வரவே இல்ல. பழைய சிஸ்டத்தோட டாக்குமெண்ட்ல இதைப் பத்தி ஒரு வரி கூட கிடையாது. எந்த டேட்டா எங்க போகணும்னு சொல்ற மேப்பிங்க திரும்ப எழுத 6 வாரம் ஆகும்.

முதல்ல ஸ்பான்சர்கிட்ட போனோம். தேதியை நகத்த முடியாதுன்னாரு, சரி அப்போ ரிப்போர்ட் மாட்யூல் அடுத்த ரிலீஸ்ல வரட்டும்னு கேட்டு மெயில்லயே ஓகே வாங்கினோம். அதுக்கப்புறம்தான் டீம் மீட்டிங், கால் மணி நேரம் கூட ஆகல.

"மேப்பிங் திரும்ப எழுதணும், 6 வாரம் ஆகும். தப்பு ரூல்ல இருந்துச்சு, அதை கோடா எழுதினவங்க மேல இல்ல. ரிப்போர்ட் மாட்யூல் இந்த ரிலீஸ்ல இல்ல, எழுத்துல வாங்கியாச்சு. ரெண்டு நாள் யாரும் லேப்டாப்ப தொடாதீங்க. இந்த பிளான்ல எது உடையும்னு உங்களுக்குத் தோணுது?"

இந்த கடைசி கேள்விய கேட்டுட்டு வாய மூடிக்கணும், அதுதான் கஷ்டம். ரொம்ப நேரம் கழிச்சு டெஸ்டிங் பண்றவங்க கேட்டாங்க: "அடுத்த ரன்ல எதை வச்சு பாஸ்னு சொல்றது? எண்ணிக்கை போன தடவையும் சரியாதானே இருந்துச்சு?" அந்த ஒரு கேள்வியில பிளானே மாறிடுச்சு. ஒவ்வொரு கஸ்டமருக்கும் பாக்கித் தொகை டேலி ஆனாதான் பாஸ், கடைசில ஒரே பெரிய ரன்னுக்கு காத்திருக்காம வாரா வாரம் ஒரு சின்ன பகுதிய ஓட்டிப் பாக்கறதுன்னு முடிவாச்சு.

ஸ்பான்சர் எதையுமே குறைக்க ஒத்துக்கலன்னா? அதையும் அப்படியே டீம்கிட்ட சொல்லிடுங்க, கைல இல்லாத சலுகைய வாக்கு கொடுக்காதீங்க. புது ஆளுங்கள சேத்தா சரியாகும்னும் சொல்லாதீங்க, அவங்களுக்கு கத்துக் கொடுக்கப் போறதும் இதே களைச்ச ஆளுங்கதான். டெஸ்ட் டேட்டா தயார் பண்றது மாதிரி தனியா பிரிச்சுக் கொடுக்கற வேலைன்னா பரவால்ல.

பேச்சு எடுபட்டுச்சான்னு கைதட்டல வச்சு சொல்ல முடியாது. அடுத்த ரெண்டு வாரம் தினசரி ஸ்டாண்டப் மீட்டிங்ல கவனிங்க: ஒரே வேலை தினமும் "90% முடிஞ்சது"னே நிக்குதா, மூடின பக் திரும்ப திரும்ப திறக்குதா, எதைக் கேட்டாலும் எல்லாரும் சரி சரின்னு தலையாட்டறாங்களா? அப்படின்னா இன்னொரு மீட்டிங் போடாதீங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா உக்காந்து எந்த வேலைய அவங்க கைலேர்ந்து எடுக்கணும்னு கேளுங்க.