'புண் ஆறும் ஆபத்து': ஹசார்டு என்ற சொல்லைப் பற்றி

"புதிய கட்டு முறையில் புண் ஆறும் ஆபத்து 1.5 மடங்கு அதிகம்."

புதுச்சேரியில் மருத்துவ முதுநிலை படிக்கும் ஒருவரின் ஆய்வேட்டுச் சுருக்கத்தில் இந்த வரியைப் படித்தேன். சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்குப் பழைய கட்டும் புதிய கட்டும் போட்டு ஒப்பிட்ட ஆய்வு அது. தமிழ்ச் சுருக்கத்தைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வந்தது. புண் ஆறுவது எப்போதிலிருந்து ஆபத்தானது என்று கேட்டேன். "ஹசார்டு ரேஷியோ சார், அகராதியில ஆபத்து விகிதம்னுதான் இருக்கு" என்றார். இதே பதிலை இதற்கு முன்பும் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹசார்டு என்பது முதலில் ஒரு பகடை ஆட்டத்தின் பெயர். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. அதற்கு முன் அரபியில் பகடையைக் குறித்த சொல் அது என்று பலர் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அது ஆபத்து என்று இறுகிவிட்டாலும் பிரெஞ்சில் இன்றும் 'அசார்' என்றால் தற்செயல்தான். பிரெஞ்சு படித்த பெரியவர்கள் புதுச்சேரியில் இன்னும் இருக்கிறார்கள், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சரி, புள்ளியியலில் இது எதைக் குறிக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டியது.

ஐந்தாம் வாரத் தொடக்கத்தில் பழைய கட்டுப் பிரிவில் 80 பேருக்குப் புண் ஆறாமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வாரத்தில் 8 பேருக்கு ஆறுகிறது. பத்தில் ஒருவர். புதிய கட்டில் ஆறாமல் இருப்பவர்கள் 60 பேர், அவர்களில் 9 பேருக்கு அந்த வாரம் ஆறுகிறது. நூற்றுக்குப் பதினைந்து. பதினைந்தைப் பத்தால் வகுத்தால் 1.5. ஏறத்தாழ இதுதான் ஹசார்டு ரேஷியோ. ஏற்கெனவே ஆறியவர்கள் கணக்கில் இல்லை. இன்னும் எஞ்சியிருப்பவர்களிடம் இந்தக் கணத்தில் அந்த நிகழ்வு எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதே கேள்வி. நிகழ்வு சாவாகவும் இருக்கலாம், புண் ஆறுவதாகவும் இருக்கலாம். ஆகவே நான் எழுதுவது 'நிகழ்வேகம்', 'நிகழ்வேக விகிதம்'.

தூய தமிழ் நண்பர் ஒருவர் 'ஏத விகிதம்' என்று எழுதச் சொல்கிறார். வேகம் வடசொல்லாம். ஏதம் நல்ல பழஞ்சொல்தான், ஆனால் அதற்கும் தீங்கு என்றுதானே பொருள்? புண் ஆறும் ஏதம் என்று எழுதினால் தமிழ் சுத்தமாகும், பிழை அப்படியே இருக்கும். வேண்டுமென்றால் 'நிகழ்விரைவு' என்று வைத்துக்கொள்ளட்டும், எனக்கு மறுப்பில்லை. எனக்குச் சொல்லின் குலம் முக்கியமில்லை, படிப்பவருக்கு எது விளங்குகிறது என்பதே முக்கியம்.

'இடர் விகிதம்' என்பவர்களோடுதான் உண்மையான சண்டை. பிழை கண்ணில் படாத இடம் அதுதான். இடர் என்றால் ரிஸ்க், ரிஸ்க் ரேஷியோ என்று வேறொன்று ஏற்கெனவே இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட நாள்வரை மொத்தம் எத்தனை பேருக்கு நிகழ்ந்தது என்பதை அது ஒப்பிடும். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் என்ன ஆகும் என்று நம் கால்புண் ஆய்விலேயே பார்க்கலாம். நிகழ்வேக விகிதம் தொடக்கம் முதல் கடைசிவரை மாறாமல் 1.5 என்று கொள்வோம். அப்படியானால் பழைய கட்டில் ஆறாமல் எஞ்சிய பங்கை 1.5 அடுக்குக்கு உயர்த்தினால் புதிய கட்டின் பங்கு கிடைக்கும்.

பழைய கட்டில் நூற்றுக்கு 90 பேர் எஞ்சியிருக்கும் நாளில் புதிய கட்டில் 85 பேர் எஞ்சுவார்கள். ஆறியவர்கள் 10, 15. ஒன்றரை மடங்கு, சரியாகத்தான் தெரிகிறது. பழையதில் 50 பேர் எஞ்சும்போது புதியதில் 35 பேர். ஆறியவர்கள் 50, 65. இப்போது 1.3 மடங்குதான். பழையதில் 20 பேர் எஞ்சும்போது புதியதில் 9 பேர். ஆறியவர்கள் 80, 91. ஒன்றேகால்கூட இல்லை. வேக விகிதம் அசையவில்லை, எண்ணிக்கை விகிதம் மட்டும் ஒன்றை நோக்கி இறங்கிக்கொண்டே வருகிறது. 1.5 என்ற எண்ணைப் பார்த்து "ஒன்றரை மடங்கு பேருக்கு ஆறும்" என்று நோயாளியிடம் சொன்னால் பெரும்பாலான நாட்களுக்கு அது பொய்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் இரண்டு பேருந்துகளை நினைத்துப் பாருங்கள். ஒன்றின் வேகம் மற்றதைப் போல ஒன்றரை மடங்கு. அதற்காக அது ஒன்றரை மடங்கு பேரைப் புதுச்சேரியில் இறக்கிவிடுமா? வேகம் என்ற சொல் பெயரிலேயே இருந்தால் இந்தக் குழப்பம் பாதி தீரும்.

இன்னொரு பிழையும் அதே சொல்லால் பிடிபடும். இந்த விகிதத்தைக் கணக்கிட 1972-இல் டேவிட் காக்ஸ் தந்த முறை, இரண்டு வேகங்களின் விகிதம் காலம் முழுதும் மாறாது என்று கொள்கிறது. முதல் பேருந்து தவளக்குப்பம் வரை பறந்துவிட்டு அரியாங்குப்பம் நெரிசலில் ஊர்ந்தால் ஒற்றை விகிதத்துக்கு என்ன பொருள்? 2009-இல் வெளியான ஐபாஸ் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் புற்றுநோய்க்கு ஜெஃபிடினிப் மாத்திரையையும் கீமோவையும் ஒப்பிட்டது. கீமோவோடு ஒப்பிட்டால் மாத்திரையில் நோய் முற்றும் நிகழ்வேக விகிதம் 0.74 என்று வந்தது, ஆனால் நோய் முற்றாமல் எஞ்சியவர்களின் பங்கைக் காட்டும் வளைவுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. முதலில் கீமோ மேலே, பிறகு மாத்திரை மேலே. கட்டியில் ஈஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் இருந்தவர்களைத் தனியே பார்த்தால் 0.48, இல்லாதவர்களில் 2.85. எதிரெதிரான இரண்டு கதைகளை 0.74 என்ற ஒரே எண் மூடி வைத்திருந்தது. ஆய்வேட்டில் வளைவுகள் வெட்டிக்கொண்டால் விகிதத்தை நம்பும் முன் அங்கே நிற்க வேண்டும்.

அந்த வளைவுக்கும் ஒரு பெயர்க் கோளாறு உண்டு. கப்லான், மெயர் இருவரும் 1958-இல் தந்த படிக்கட்டுக் கோட்டை 'உயிர்வாழ்வு வளைவு' என்கிறார்கள். கால்புண் ஆய்வில் அந்தக் கோட்டின்படி உயிர்வாழ்வது புண்! 'எஞ்சுவளைவு' என்றால் எதற்கும் பொருந்தும். வளைவின் அடியில் அந்தந்த வாரம் கணக்கில் எஞ்சியவர்களின் எண்ணிக்கை வரிசையாக இருக்கும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான், ஏனென்றால் கடைசியில் நான்கு பேர் மட்டுமே இருந்தால் ஒருவருக்கு ஆறினாலும் கோடு கால்வாசி சரியும். பார்ப்பவர்கள் அதைப் பெரிய பலன் என்று நினைத்துவிடுவார்கள். அந்த வரிசைக்கு நம் மாணவர் வைத்திருந்த தலைப்பு 'ஆபத்தில் உள்ளோர்'. பாதியில் மகன் வீட்டுக்குப் பெங்களூர் போய்விட்டவர்களை, அதாவது புண் ஆறியதா என்று தெரியாமலேயே கண்காணிப்பிலிருந்து விலகியவர்களை, ஆங்கிலத்தின் 'சென்சார்டு' என்ற சொல்லைப் பார்த்து 'தணிக்கை செய்யப்பட்டோர்' என்று எழுதியிருந்தார். சினிமாவா வெட்டினார்கள்? 'கண்காணிப்பு முடிந்தோர்' என்று மாற்றினேன்.

சுருக்கத்தின் வரியை இப்படித் திருத்திக் கொடுத்தேன்: "எந்த வாரத்தை எடுத்தாலும், அதுவரை புண் ஆறாதவர்களிடையே, புதிய கட்டில் புண் ஆறும் வேகம் பழைய கட்டைப் போல 1.5 மடங்கு." நீளம்தான். மாணவருக்குப் பிடித்திருந்தது. ஒரு வாரம் கழித்து அவருடைய கைடு பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிய பிரதியைக் காட்டினார். வேகம் என்ற சொல் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தது. அதன் மேல் ஆபத்து.