கள ஆய்வு அறிக்கைக்கு மதிப்பெண் போடும்போது: உத்திரமேரூரை முன்வைத்து

சில ஆண்டுகளுக்கு முன், சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துச் சென்ற மாணவர்களின் அறிக்கைகளைத் திருத்தியபோது, வண்ணப் படங்களோடும் உறுதியான அட்டையோடும் வந்த ஓர் அறிக்கைக்கு 25க்கு 21 மதிப்பெண் கொடுத்தேன். அந்தப் படங்களில் ஒன்றுகூட அன்று எடுக்கப்பட்டதல்ல என்பதும், அந்த மாணவர் பெரும்பகுதி நேரம் பேருந்திலேயே இருந்துவிட்டார் என்பதும் பின்னர்தான் தெரியவந்தன. தவறு மாணவருடையது மட்டுமல்ல. 'பொருளடக்கம், அழகு, மொழிநடை, முடிவுரை' என்று நான் வைத்திருந்த அளவுகோலில், நேரில் போனவருக்கும் போகாதவருக்கும் வேறுபாடு காட்டும் இடமே இல்லை.

இப்போது 25 மதிப்பெண்ணை வேறு விதமாகப் பிரிக்கிறேன்: நேரில் கண்டதற்கு 10, சான்றைக் கையாண்ட விதத்துக்கு 8, வரைபடத்துக்கும் அளவுக்கும் 4, மொழிக்கும் அமைப்புக்கும் 3. புறப்படுவதற்கு முந்தைய நாளே இதை அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறேன். திரும்பி வந்தபின் சொல்லும் அளவுகோல், எதைப் பார்க்க வேண்டும் என்று மாணவருக்கு வழிகாட்டாது.

முதல் 10 மதிப்பெண்ணில் நான் தேடுவது, பாடநூலில் இல்லாத, கண்ணால் கண்ட ஒன்றை. ஒரு மாணவி தன் குறிப்பேட்டில், "கல்லில் உள்ள எழுத்துகளில் புள்ளியே இல்லை, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியும் இல்லை, அதனால் ஒரு வரியில் மூன்று சொற்களை மட்டுமே பிரிக்க முடிந்தது" என்று எழுதி, அந்த மூன்றையும் பார்த்தபடி வரைந்திருந்தார். சோழர் காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பொதுவாகப் புள்ளி இடுவதில்லை என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் சுவரின் முன் நின்றவருக்கே அந்தத் திணறல் வரும். நேரில் சென்றதை உறுதிசெய்ய இதைவிட நல்ல அடையாளம் எனக்குக் கிடைத்ததில்லை. எழுத்துத் தெளிவாகத் தெரிவதற்காகச் சுண்ணாம்புக்கட்டியோ மாவோ தேய்த்தவருக்கு இந்தப் பிரிவில் 5 மதிப்பெண் கழிக்கிறேன். சாய்வான வெயிலில் நிழல் விழும் நேரம் பார்த்து நின்றாலே எழுத்து துலங்கும்.

சான்றைக் கையாள்வதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கண்டது, பலகையிலோ நூலிலோ படித்தது, தாமாக ஊகித்தது ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் காட்டச் சொல்கிறேன். "உலகின் முதல் ஜனநாயகம் இங்கே இருந்தது, மக்கள் அனைவரும் வாக்களித்தனர்" என்று கண்டதைப் போலவே எழுதினால், இந்த 8இல் 2க்கு மேல் கிடையாது. முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (919, 921) சொல்வது, பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட பிரம்மதேய ஊரின் சபை, தன் நிர்வாகக் குழுக்களான வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை. ஊர் குடும்பு எனப்படும் 30 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுள்ளவர்களின் பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில் இடப்பட்டன. ஒரு சிறுவன் அவற்றில் ஒன்றை எடுத்தான். அது குலுக்கல், வாக்கெடுப்பு அல்ல. வரி செலுத்தும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வயது, வேதக் கல்வி எனத் தகுதிகள் இருந்தன. அப்படியானால் யார் விடுபட்டார்கள் என்று கேட்ட மாணவர், விடை சொல்லாவிட்டாலும் 6 பெறுவார். இரண்டே ஆண்டில் விதிகளை ஏன் திருத்தி எழுதினார்கள் என்று கேட்டவருக்கு முழு 8.

அந்தப் பழைய அறிக்கையை இந்த அளவுகோலால் மறுபடி திருத்திப் பார்த்தேன். கண்டதற்கு 2, சான்றுக்கு 2, வரைபடத்துக்கு 1, மொழிக்கு 3, ஆக 8. எழுத்துப்பிழைகளோடு, பென்சில் படங்களோடு வந்த அந்த மாணவியின் அறிக்கைக்கு 8, 6, 3, 1 என்று 18 வந்தது. பழைய முறையில் அவருக்கு நான் கொடுத்திருந்தது 13.

இந்த முறையிலும் ஓட்டை உண்டு. கண்டதற்கு 10 என்றவுடன், தூண்களின் எண்ணிக்கை, படிகளின் எண்ணிக்கை, குளக்கரையில் இருந்த ஆடுகள் வரை ஒருவர் பட்டியலிட்டு வந்தார். எண்ணியதெல்லாம் சரிதான், எதற்காக எண்ணினார் என்பதுதான் இல்லை. எனவே இப்போது ஒவ்வொருவரும் புறப்படும் முன் ஒரு கேள்வி எழுதித் தர வேண்டும். அந்தக் கேள்வியோடு தொடர்புடைய கண்டறிதலுக்கு மட்டுமே இந்தப் பிரிவில் மதிப்பெண் தருகிறேன். அங்கே போனபின் கேள்வியை மாற்றிக்கொள்ளலாம். மாற்றியதற்கான காரணத்தை மட்டும் இரண்டு வரியில் எழுத வேண்டும். அந்த இரண்டு வரியைத்தான் இப்போதெல்லாம் முதலில் படிக்கிறேன்.