‘விளக்கம்’ செய்த குற்றம் என்ன?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தில்லி மயூர் விஹாரில் எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் பெண் ஒரு கட்டுரைத் தாளோடு வந்தாள். பகலில் கன்னாட் பிளேஸில் வேலை, இரவில் அஞ்சல்வழியில் தமிழ்வழி எம்.ஏ. வரலாறு. ஒப்படைப்புக் கட்டுரை திருத்துபவரிடமிருந்து திரும்பியிருந்தது. ஓரத்தில் மூன்று குறிப்புகள். முதல் இரண்டும் இவை: “கட்டுரை மிகவும் விளக்கமாக உள்ளது. பகுப்பாய்வு போதாது.”

“விளக்கமா எழுதுறது ஒரு குத்தமா மாமா?” என்று கேட்டாள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேட்பதற்கு முன்பே அவள் கட்டுரையைத் திருத்தியும் விட்டாள். அதுதான் வினை. விளக்கம் கூடிவிட்டது என்கிறார்களே என்று, ‘ஏனென்றால்’, ‘இதனால்தான்’ என்று வந்த வாக்கியங்களையெல்லாம் தேடித் தேடி அடித்திருந்தாள். பகுப்பாய்வு போதாது என்கிறார்களே என்று, மீதியை ‘பின்னணி’, ‘நிகழ்வுகள்’, ‘விளைவுகள்’ என மூன்று துணைத்தலைப்புகளாகப் பகுத்திருந்தாள். குறிப்பில் இருந்த இரண்டு சொற்களுக்கும் சொல்லுக்குச் சொல் கீழ்ப்படிந்திருக்கிறாள். கட்டுரை முன்பைவிட மோசமாகிவிட்டது.

திருத்தியவர் மனத்தில் இருந்தவை டிஸ்கிரிப்டிவ், அனலிட்டிகல் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்கள் என்பது தெரிகிறது. முதலாவது லத்தீன், ‘எழுதி வைத்தல்’ என்ற பொருளில் பிறந்தது. கண்டதைக் கண்டபடி எழுதுவது. இரண்டாவது கிரேக்கம், முடிச்சை அவிழ்த்தல் என்பது அதன் வேர். வேர்க்கதை இவ்வளவு போதும். இவற்றைத் தமிழில் என்ன செய்தோம் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

‘விளக்கம்’ என்பது விளக்கு என்ற வினையிலிருந்து வருகிறது. பாத்திரம் விளக்குகிறோம், பல் விளக்குகிறோம். மங்கிக் கிடப்பதைத் தேய்த்துத் துலங்க வைப்பது. புரியாமல் இருப்பது ஏன், எப்படி என்று புரியவைத்தால் அது விளக்கம். குறளுக்குப் பொழிப்புரை எழுதுகிறவர் வள்ளுவர் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார். விளக்கவுரை எழுதுகிறவர் ஏன் அந்தச் சொல்லைப் போட்டார் என்று காரணம் காட்டுகிறார். அதாவது திருத்துபவர் எதைக் கேட்கிறாரோ, அதற்குப் பக்கத்து வீட்டுச் சொல் விளக்கம். அதையே குறையின் பெயராக எழுதினால் பிள்ளைகள் எதைத்தான் வெட்டுவார்கள்?

டிஸ்கிரிப்டிவ் என்பதற்கு விவரிப்பு என்று எழுதியிருக்கலாம். வடசொல்தான், அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது, கேட்டவுடன் எல்லோருக்கும் விளங்குகிறது. வருணனை என்ற சொல்லும் உண்டு. கிரிக்கெட் நேர்முக வருணனை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது உடனே பிடிபடும். பந்து வந்தது, அடித்தார், எல்லைக்கோட்டுக்கு ஓடியது. அந்த ஓவரில் அணித்தலைவர் ஏன் ஸ்லிப்பை எடுத்தார் என்று யோசிப்பது வேறு வேலை. இருந்தாலும் வருணனை என்றால் நிலவும் தென்றலும் நினைவுக்கு வருவதால், கட்டுரைக்கு விவரிப்பே என் கட்சி.

சரி, பகுப்பாய்வுக்கு வருவோம். இந்தச் சொல்மேல் எனக்கு வெகுநாள் கோபம். பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் நாம் பழகிய சொல் அது. அங்கே அதற்குக் குறையில்லை. ஒரு உப்பைக் கொடுப்பார்கள். கரைத்து, அமிலம் ஊற்றி, அதில் என்ன அயனி இருக்கிறது என்று பிரித்துக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது. பிரித்ததே விடை. கட்டுரையில் பிரித்தது விடை ஆகாது. பிரித்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. ஆனால் சொல்லின் முன்பாதி ‘பகுப்பு, பகுப்பு’ என்று உரக்கச் சொல்வதால் பின்பாதி காதில் விழுவதில்லை. இந்தப் பெண் மட்டுமில்லை, நான் பார்த்த பலரும் பகுப்பாய்வு கேட்டால் துணைத்தலைப்புதான் போடுகிறார்கள். போதாததற்கு மொழிபெயர்ப்பாளர்கள் அதன் வாலில் ‘ரீதியான’, ‘பூர்வமான’, ‘தன்மை’ என்று ஒவ்வொரு பெட்டியாகக் கோக்கிறார்கள். ‘பகுப்பாய்வு ரீதியான அணுகுமுறை’ என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். படிக்கிறவன் நாளைக் காலையில் பேனாவை எடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

நம்மிடம் ‘ஆய்தல்’ இருக்கிறது. தொல்காப்பிய உரியியலில் ஓய்தல், ஆய்தல் என்று தொடங்கும் நூற்பா, இதற்கு ‘உள்ளதன் நுணுக்கம்’ என்று பொருள் சொல்கிறது. இருப்பதே இன்னும் நுண்ணியதாவது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் அடுப்படிக்குப் போகலாம். குளிர்காலத்தில் இங்கே மேத்தி என்கிற வெந்தயக்கீரை மலிவாக வரும். வாங்கிவந்த கட்டை அவிழ்த்து, செய்தித்தாளில் பரப்பி, புல்லை எடுத்துப்போட்டு, பழுத்ததைக் கழித்து, முற்றிய தண்டை ஒதுக்கி, இலையைக் கிள்ளி எடுப்பதைத்தான் கீரை ஆய்வது என்கிறோம். ஒவ்வொரு கொத்தையும் கையில் எடுத்து ‘இது வேண்டுமா’ என்று ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதே கட்டை வேரோடு மூன்று கூறாகப் பிரித்து வரிசையாக வைத்தால் அது பகுப்பு. மூன்று துணைத்தலைப்புகள் என்பது அதுதான்; மண் அப்படியே இருக்கிறது.

‘ஆய்வு’ என்ற பெயர்ச்சொல்லை அமைச்சர்கள் அணைக்கட்டைப் பார்க்கப் போவதற்கு எடுத்துக்கொண்டு விட்டார்கள் என்பது உண்மை. அதனால்தான் வினையாகவே எழுதுங்கள் என்கிறேன். “என்ன நடந்தது என்று விவரித்திருக்கிறாய், ஏன் என்று ஆயவில்லை.” இவ்வளவுதான் குறிப்பு. அலசல் என்பார்கள் சிலர். பத்திரிகைக்குச் சரி. துணியை அலசினால் அழுக்குப் போகும், துணி அப்படியேதான் இருக்கும். எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

அந்தப் பெண்ணின் கட்டுரைத் தலைப்பு, தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறியது. முதலில் எழுதியிருந்த பத்தியின் சாரம் இது: 1911 டிசம்பர் 12 அன்று தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலைநகர் மாற்றத்தை அறிவித்தார். அன்றே 1905-இல் செய்த வங்கப் பிரிவினையும் ரத்தானது. ஏனென்றால் வங்காளத்தில் கிளர்ச்சி ஓயவில்லை. 1912 டிசம்பர் 23 அன்று சாந்தினி சௌக்கில் வைஸ்ராய் ஹார்டிங் மீது குண்டு வீசப்பட்டது. லட்யன்ஸும் பேக்கரும் புதிய நகரை வடிவமைத்தார்கள். 1931-இல் அது திறந்துவைக்கப்பட்டது.

எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் வாக்கியங்களைக் கட்டிவைத்திருக்கும் கயிறு காலவரிசை ஒன்றுதான். பென்சிலைக் கொடுத்து, “இதில் எந்த வாக்கியத்தோடு ஒருவர் சண்டைக்கு வரலாம், அதன் அடியில் கோடு போடு” என்றேன். ‘ஏனென்றால்’ வாக்கியம் ஒன்றில்தான் கோடு விழுந்தது. அதைத்தான் அவள் இரண்டாம் வரைவில் வெட்டியிருந்தாள்.

அதைத் திரும்பக் கொண்டுவந்து நடுவில் வைத்தோம். அப்புறம் ஒரு கேள்வி. தலைநகர் மாற்றமும் பிரிவினை ரத்தும் ஏன் ஒரே நாளில் வந்தன? இதற்குச் சான்று அவள் பாடநூலிலேயே இருந்தது. 1911 ஆகஸ்ட் 25 தேதியிட்டு ஹார்டிங்கின் அரசு லண்டனுக்கு அனுப்பிய கடிதம் இரண்டையும் ஒரே திட்டமாகத்தான் முன்வைக்கிறது. பிரிவினையை ரத்து செய்தால் வங்காள இந்துக்களின் கோபம் தணியும், கிழக்கு வங்காள முஸ்லிம்கள் மனம் புண்படும். பழைய முகலாயத் தலைநகருக்கே ஆட்சி திரும்புவது அவர்களுக்கு ஓர் ஆறுதலாக இருக்கும் என்ற கணக்கு அதில் தெரிகிறது. இப்போது முதல் இரண்டு வாக்கியங்களும் தேதிக் கயிற்றிலிருந்து அவிழ்ந்து, ஒன்றுக்கு ஒன்று காரணமாக நிற்கின்றன.

பத்தியின் புதிய தொடக்கம் இப்படி வந்தது: “தலைநகர் மாற்றத்தைத் தனி முடிவாகப் பார்த்தால் அதன் காரணம் விளங்காது, அது பிரிவினை ரத்துக்குக் கொடுத்த ஈடு.” இந்த வாக்கியத்தோடு யாரும் மல்லுக்கு நிற்கலாம். ஒரு மாகாண அரசின் மடியிலேயே மத்திய அரசு உட்கார்ந்திருக்கக் கூடாது என்ற நிர்வாகக் காரணமும் அதே கடிதத்தில் உண்டே என்பார்கள். அதற்கும் இடம் கொடுத்து, எது கனமான காரணம், ஏன் என்று ஒரு வாக்கியம் எழுத வேண்டியிருந்தது. கடிதம் லண்டனைச் சம்மதிக்க வைக்க எழுதியது, அதை அப்படியே வேதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் அவளே சேர்த்தாள்.

குண்டுவீச்சு முன்பு வெறும் நிகழ்ச்சி. இப்போது அதற்கு வேலை கிடைத்தது. கோபத்தைத் தணிக்கத்தான் ரத்து என்றால், தர்பார் முடிந்து ஒரே வருடத்தில் வங்கப் புரட்சியாளர்கள் புதிய தலைநகரின் நடுத்தெருவில் ஏன் குண்டு வீசினார்கள்? கணக்கு முழுக்கப் பலிக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. லட்யன்ஸ், பேக்கர், 1931 மூன்றும் இந்தக் கேள்விக்கு உதவாததால் போயின. பிரமாதமான தகவல்கள்தான், ஆனால் இந்தக் கீரையில் அவை தண்டு. விவரிப்பே இல்லாமலும் ஆகாது. அறிவிப்பு எப்போது வந்தது, யார் செய்தது என்று தெரியாதவருக்குக் காரணம் சொல்லி என்ன பயன்? இரண்டு வாக்கியம் விட்டோம்.

அவள் இன்னொன்றும் செய்யப் பார்த்தாள். கடைசியில் ‘என் கருத்து’ என்று ஒரு பத்தி. தலைநகர் மாற்றம் வரலாற்றுச் சிறப்புமிக்கது, மக்களுக்கு நன்மையும் தீமையும் செய்தது என்று. வேண்டாம் என்றேன். ஆய்ந்ததெல்லாம் மேலேயே நடந்துவிட்டது. கடைசியில் தனியாக ஒட்டும் கருத்துக்கு மேலே உள்ள ஒரு வாக்கியமும் கடன்படவில்லை.

மணி ஒன்பதாகிவிட்டது. தாளை மடிக்கப் போனவள் நிறுத்தி, மூன்றாவது குறிப்பைக் காட்டினாள். “விமர்சனப்பூர்வமான சிந்தனை இல்லை.”

“இதுக்கு யாரைத் திட்டணும் மாமா?”

அடுத்த ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறேன்.