மஞ்சள் சார்ட்டில் ரைசிங் த்ரீ: நடுவிலுள்ள மூன்று நாளைப் படிப்பது எப்படி?

ஈரோடு, பெருந்துறைப் பக்கம் மஞ்சள் இருப்பு வைத்திருப்பவர்களில் பலர் இப்போது என்சிடெக்ஸ் முன்பேரச் சந்தையின் சார்ட்டும் பார்க்கிறார்கள். ஏற்றம் தொடரும் என்று காட்டும் ஐந்து நாள் அமைப்பான ரைசிங் த்ரீ மெத்தட்ஸில் எல்லோர் கண்ணும் ஐந்தாம் நாளின் பெரிய பச்சை கேண்டிலில்தான் நிற்கிறது. அமைப்பின் தரம் அதற்கு முந்தைய மூன்று சின்ன கேண்டில்களில் இருக்கிறது.

கணக்குக்காக ஓர் உதாரணம். ஏற்கெனவே ஏறிவரும் சந்தையில் முதல் நாள் குவிண்டால் 13,000-ல் தொடங்கி 13,480-ல் முடிகிறது. உச்சம் 13,500, தாழ்வு 12,980. அடுத்த மூன்று நாள் முடிவு விலைகள் 13,430, 13,370, 13,310. இந்த மூன்று நாளின் அடிமட்டம் 13,290. ஐந்தாம் நாள் 13,350-ல் தொடங்கி 13,580-ல் முடிகிறது.

முதல் நாளின் வீச்சு 520 ரூபாய். அதில் 210 ரூபாய்தான் திரும்பியிருக்கிறது, ஏறத்தாழ 40 சதம். பாதிக்குள் நின்றால் நல்ல அமைப்பு என்பேன். வாலோடு சேர்த்து மூன்றும் முதல் கேண்டிலுக்குள்ளேயே அடங்க வேண்டும். ஒரு நாள் முடிவு விலை 12,980-க்குக் கீழே போய்விட்டால் அமைப்பு முறிந்தது. பிறகு வரும் பச்சை கேண்டிலை வேறு கணக்கில்தான் பார்க்க வேண்டும். ஐந்தாம் நாள் முடிவு முதல் நாள் முடிவைத் தாண்டினால் விதிப்படி போதும். உச்சமான 13,500-யும் தாண்டியிருப்பதால் இது இன்னும் உறுதியானது.

அடுத்து வால்யூம். நடு நாட்களில் அது வற்ற வேண்டும், ஐந்தாம் நாள் மறுபடி பெருக வேண்டும். கேண்டில் சிறிதாக இருந்தும் வால்யூம் கூடினால், வாங்குகிறவர்கள் கைக்கு யாரோ சரக்கைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். இங்கே ஒரு பொறி உண்டு. கான்ட்ராக்ட் முடியும் வாரத்தில் எல்லோரும் அடுத்த கான்ட்ராக்ட்டுக்கு மாறுவதால் வால்யூம் தானாகவே வற்றும். அதை ஓய்வு என்று படிக்கக் கூடாது. அடுத்த கான்ட்ராக்ட்டின் சார்ட்டையும் திறந்து பாருங்கள்.

13,580-ல் வாங்கி, நடு நாட்களின் அடிக்குக் கீழே 13,280-ல் ஸ்டாப் லாஸ் வைத்தால் குவிண்டாலுக்கு 300 ரூபாய். 5 டன் லாட்டில் 50 குவிண்டால், ஆக 15,000 ரூபாய். முதல் கேண்டிலின் அடிக்குக் கீழே 12,970-ல் வைத்தால் 30,500. ஐந்தாம் கேண்டில் மிக நீளமாக ஓடிவிட்டால் இந்தத் தூரம் இன்னும் கூடும். அப்போது அமைப்பு சரியாக இருந்தும் வாங்கும் இடம் தவறு.

ஃபாலிங் த்ரீ இதன் தலைகீழ். பெரிய சிவப்பு கேண்டிலுக்குப் பின் மூன்று நாள் சின்னச் சின்னப் பச்சை வரும். "விலை திரும்பிருச்சுங்க" என்று விரலியை ஏலத்துக்கு அனுப்பாமல் நிறுத்துவது பெரும்பாலும் இந்த மூன்று நாளில்தான். வற்றிய வால்யூமில் பாதிகூட மீளாத ஏற்றம் திருப்பம் ஆகாது. முதல் சிவப்பு கேண்டிலின் தொடக்க விலைக்கு மேல் ஒரு நாள் முடியும்வரை, இறக்கம் தொடர்கிறது என்றே வைத்து விற்பனையைத் திட்டமிடுங்கள். என்சிடெக்ஸ் மஞ்சள் கான்ட்ராக்ட்டின் அடிப்படைச் சந்தை நிஜாமாபாத் என்பதால், பெருந்துறை ஏல விலையையும் அதே நாட்களுக்கு எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.