கூட்ட நெரிசலில் அடிபட்டால் ஏற்பாட்டாளர் எந்த அளவுக்குப் பொறுப்பு?

இசை நிகழ்ச்சி டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'சொந்தப் பொறுப்பில் உள்ளே வருகிறீர்கள்' என்று போட்டிருக்கும். அடிபட்ட பலர் அதைப் படித்துவிட்டு, சரி நம்ம தலையெழுத்து என்று கேஸே போடாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த வரிக்கு அவ்வளவு பலம் எல்லா இடத்திலும் கிடையாது. பிரிட்டனில் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 65-ஆம் பிரிவுப்படி, தன் அலட்சியத்தால் ஒருவர் செத்தாலோ காயப்பட்டாலோ தனக்குப் பொறுப்பில்லை என்று வியாபாரி எழுதிக்கொண்டால் அது செல்லாது. கலிஃபோர்னியாவில் சாதாரண அலட்சியத்துக்கு அப்படி எழுதி வாங்கலாம், ஆனால் படுமோசமான அலட்சியத்துக்கு முடியாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2007-ல் சொல்லியிருக்கிறது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்பதால் உங்கள் ஊர் வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியதும் இதைத்தான்.

அடுத்து ஏற்பாட்டாளர் தரப்பு சொல்வது, 'கூட்டம்தானே தள்ளியது, நாங்களா தள்ளினோம்?'. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நெரிசலில் பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று தள்ளுவதில்லை. ஒரு சதுர மீட்டருக்கு நான்கு பேர் வரை நின்றால் நம் காலில் நாம் நிற்கலாம். ஆறு ஏழு பேர் ஆகிவிட்டால் கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கும், கையை மேலே தூக்கக்கூட இடம் இருக்காது. சாவும் பெரும்பாலும் மிதிபட்டு வருவதில்லை, நெஞ்சு விரிய இடமில்லாமல் நின்ற நிலையிலேயே மூச்சுத் திணறி வருகிறது. இது இந்தத் துறையில் தொழில் செய்கிற எவருக்கும் தெரிந்த சங்கதி. அதனால் 'எதிர்பார்க்கவில்லை' என்று சொல்லித் தப்பிப்பது கஷ்டம்.

ஒரு கற்பனை வழக்கு. மேடைக்கு முன்னால் பாரிகேட் போட்டு அடைத்த இடம் 40 மீட்டருக்கு 25 மீட்டர், அதாவது 1,000 சதுர மீட்டர். உள்ளே விட்டது 4,000 பேர். சராசரி நான்குதான், கணக்கு சரி என்பார்கள். ஆனால் முக்கியப் பாடகர் வந்ததும் எல்லோரும் மேடைப் பக்கம் நெருங்குவார்கள், பின்பாதி காலியாகும், முன்பாதியில் எட்டு பேர் ஆகிவிடும். அங்கே ஒரு பெண்ணுக்கு விலா எலும்பு முறிகிறது. அவருடைய வக்கீல் காட்ட வேண்டியது என்னவென்றால், உள்ளே குறுக்குத் தடுப்பு போட்டுக் கூட்டத்தைப் பிரித்திருக்கலாம், முன்பகுதியைக் கவனிக்க ஆள் வைத்திருக்கலாம், அந்த ஆள் கை காட்டியதும் பாட்டை நிறுத்த ஏற்பாடு இருந்திருக்கலாம். இவை செய்யப்படவில்லை, அதனால்தான் எலும்பு முறிந்தது. கடைசித் துண்டுதான் பலருக்கும் சறுக்கும் இடம். தடுப்பு இருந்திருந்தாலும் அடிபட்டிருப்பார் என்று எதிர்த்தரப்பு காட்டிவிட்டால் கேஸ் படுத்துவிடும். அவரே வேலி ஏறிக் குதித்து வந்தவராக இருந்தால் தொகை குறையும். 'பாதுகாப்பை வேறு கம்பெனியிடம் விட்டோம்' என்பது மட்டும் பொதுவாக முழுசாகக் காப்பாற்றாது, ஏற்பாட்டாளர், இடத்துக்காரர், பாதுகாப்புக் கம்பெனி மூவரையும் சேர்த்தே வழக்கு போடுவார்கள்.

நிகழ்ச்சியை நிறுத்துவது யார் என்ற கேள்வி எவ்வளவு பெரியது என்பதற்கு அமெரிக்காவின் ஹூஸ்டனில் 2021 நவம்பர் 5 அன்று நடந்த ஆஸ்ட்ரோவேர்ல்ட் இசை விழாவைப் பாருங்கள். இரவு 9.38-க்கே பலருக்கு ஆபத்து என்று அதிகாரிகள் அறிவித்துவிட்டார்கள், நிகழ்ச்சி பத்து மணியைத் தாண்டித்தான் முடிந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். 2023-ல் அங்கே, குற்றம் சாட்டலாமா என்று முடிவுசெய்யும் பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி, யார் மேலும் குற்ற வழக்கு தேவையில்லை என்று முடிவெடுத்தது. இருந்தும் இறந்த பத்துப் பேரின் குடும்பங்கள் போட்ட இழப்பீட்டு வழக்குகள் 2024-க்குள் சமரசத்தில் முடிந்தன. ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் 2010 லவ் பரேட் இசை விழாவில் வருவதற்கும் போவதற்கும் ஒரே சுரங்கப்பாதையும் சாய்தளமும். 21 பேர் இறந்தார்கள், குற்ற வழக்கு 2020-ல் தீர்ப்பே இல்லாமல் முடிந்தது. யாரும் சிறைக்குப் போகவில்லையே, இனி நமக்கென்ன கிடைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு ஆளைக் குறிப்பாகச் சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றவாளி ஆக்குவது வேறு, நிறுவனம் கவனக்குறைவாக இருந்தது என்று காட்டிப் பணம் வாங்குவது வேறு. இரண்டாவதற்கு அவ்வளவு கடினமான ஆதாரம் தேவையில்லை.

அடிபட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், கூட்டத்தில் நசுங்கியது என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள், 'கீழே விழுந்தார்' என்று எழுதிவிட்டால் பின்னால் மாற்றுவது பெரும்பாடு. டிக்கெட்டை வைத்துக்கொள்ளுங்கள். போனில் எடுத்த வீடியோவை எடிட் செய்யாமல் அப்படியே காப்பி எடுங்கள், அதில் உள்ள நேரம்தான் முக்கியம். எங்கே நின்றீர்கள், மேடையிலிருந்து எவ்வளவு தூரம், பக்கத்தில் யார் என்று அன்றிரவே எழுதிவையுங்கள். வழக்குப் போடக் காலக்கெடு உண்டு, இங்கிலாந்தில் பொதுவாக மூன்று வருடம், டெக்சஸில் இரண்டு. ஆனால் சிசிடிவி பதிவுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை, பழையதன் மேல் புதியது பதிவாகி சில வாரத்தில் அழிந்துவிடலாம். எனவே வக்கீல் வைப்பதற்கு முன்பே, முன்பகுதிக் கேமரா பதிவையும் பாதுகாப்பு ஆட்களின் வாக்கிடாக்கிப் பதிவையும் அழிக்கக் கூடாது என்று ஏற்பாட்டாளருக்கு எழுத்தில் ஒரு கடிதம் போட்டு, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள்.