முப்பத்தைந்தில் யார் போட்ட கோடு இது?

வயது 38, தலைப்பிரசவம். முதல் செக்கப்புக்குப் போனதும் கேஸ் ஷீட்டின் மேல் மூலையில் "எல்டர்லி ப்ரைமி" என்று எழுதிவிடுவார்கள். தமிழில் சொன்னால் "வயதான தலைச்சன்காரி" என்று வரும், வயிற்றைக் கலக்க அந்த ஒரு வரி போதும். ஆனால் 34 வயதின் கடைசி நாள் வரை நன்றாக இருந்த உடம்பு, மறுநாள் காலையில் பிறந்தநாள் கொண்டாடிய குற்றத்துக்காகக் கெட்டுப்போவதில்லை. அப்படியானால் இந்த 35 எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் ஒரு ஊசியிலிருந்து வந்தது. 1970களில், வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் குரோமோசோம் கோளாறு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, நீள ஊசியைப் போட்டுப் பனிக்குட நீரை எடுத்துப் பார்ப்பதுதான். அந்த ஊசியாலேயே கரு கலைந்துபோகும் அபாயம் ஏறத்தாழ 200-க்கு 1 என்று அப்போது கணக்கிட்டார்கள். தாய்க்கு 35 வயது ஆகும்போது, குழந்தைக்கு ஏதாவது ஒரு குரோமோசோம் கோளாறு இருக்கும் வாய்ப்பும் கிட்டத்தட்ட அதே அளவை எட்டுகிறது. தராசின் இரண்டு தட்டும் சமமாக நின்ற இடம் அது, அவ்வளவுதான். இன்றைக்கு ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி போடுவதால் அந்த அபாயம் 1000-க்கு 1 முதல் 3 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. ஒரு தட்டு மேலே போய்விட்டது, ஆனால் கோடு மட்டும் போட்ட இடத்திலேயே இருக்கிறது.

சரி, கோடு செயற்கை என்பதால் வயதுக்கும் கர்ப்பத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல வரவில்லை. இங்கே இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன, ஒன்று கருமுட்டையின் வயது, மற்றொன்று தாயின் ரத்தக்குழாய்களின் வயது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி பயம்.

முதலில் முட்டை. ஒரு பெண்ணின் கருமுட்டைகள் எல்லாமே அவர் தன் அம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. உருவாகி, குரோமோசோம்களைப் பிரிக்கும் வேலையைத் தொடங்கி, பாதியில் அப்படியே நின்றுவிடுகின்றன. மீதி வேலை அந்த முட்டை வெளிவரும் மாதத்தில்தான் நடக்கும், 20 வருஷம் கழித்தோ 38 வருஷம் கழித்தோ. அதுவரை குரோமோசோம்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பது கோஹீசின் என்ற வளையம் போன்ற புரதம். இந்தக் கட்டு தேய்ந்தால் புதிதாக மாற்றிக் கட்ட முட்டையிடம் வசதி இல்லை. கட்டு தளர்ந்துபோன முட்டையில், பிரிய வேண்டிய நேரத்தில் ஒரு ஜோடி சரியாகப் பிரியாமல் இரண்டுமே ஒரே பக்கம் போய்விடும். அது 21-ஆம் குரோமோசோமாக இருந்தால் டவுன் சிண்ட்ரோம். வேறு பல குரோமோசோம்களில் இது நடந்தால் அந்தக் கரு சில வாரங்களிலேயே நின்றுவிடும், தாய்க்கு அது கருச்சிதைவாகத் தெரியும்.

வயதால் உண்மையாகவே பெரிதாக ஏறுகிற அபாயம் இந்தக் கருச்சிதைவுதான், ஆனால் பேச்சில் அடிபடுவதென்னவோ டவுன் சிண்ட்ரோம். இருபதுகளின் பிற்பகுதியில் ஏறத்தாழ பத்தில் ஒரு கர்ப்பம் கலைகிறது, 35 முதல் 39 வரை ஆறில் ஒன்று, 40 முதல் 44 வரை மூன்றில் ஒன்று. பாரம் தூக்கியதாலோ படி ஏறியதாலோ வந்ததில்லை இது. பெரும்பாலும் அந்த முட்டையிலேயே முடிவாகிவிட்ட விஷயம். (கலைந்துபோன பிறகு "அன்னைக்கு அலைஞ்சிருக்கக் கூடாது" என்று யாராவது ஆரம்பித்தால் இதைச் சொல்லலாம்.) ஸ்கேனில் இதயத்துடிப்பு ஒழுங்காகத் தெரிந்துவிட்டால் இந்த வாய்ப்பு எந்த வயதிலும் நன்றாகவே குறைகிறது.

டவுன் சிண்ட்ரோமுக்கு வருவோம். 25 வயதில் 12 வாரக் கர்ப்பத்தில் ஏறத்தாழ 950-க்கு 1. 38 வயதில் 120-க்கு 1. "எட்டு மடங்கு" என்று சொன்னால் தூக்கம் போகும், "120 பேரில் 119 பேருக்கு இல்லை" என்று சொன்னால் கொஞ்சம் மூச்சு விடலாம். இரண்டும் ஒரே எண்தான்.

இப்போது நம் 38 வயதுக்காரர் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறார். நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் ரத்தத்தில் கலந்து வரும் டிஎன்ஏ துணுக்குகளை எண்ணிப் பார்க்கும் சோதனை இது, 10 வாரத்திலிருந்து செய்யலாம். டவுன் சிண்ட்ரோம் இருந்தால் 100-இல் 99 முறை பிடித்துவிடும். இல்லாதவர்களில் 1000-க்கு ஒருவரை மட்டும் தவறாக "இருக்கிறது" என்று சொல்லும். அப்படியானால் முடிவு பாசிடிவ் என்று வந்தால் 99 சதவீதம் உறுதி என்று நினைக்கத் தோன்றும். இல்லை. 38 வயதில் 10,000 பேரை வரிசையில் நிறுத்துவோம். அவர்களில் சுமார் 83 பேருக்கு உண்மையாகவே இருக்கும், சோதனை 82 பேரைப் பிடிக்கும். மீதியுள்ள 9,917 பேரில் 10 பேருக்குத் தவறாகப் பாசிடிவ் வரும். ஆக, கையில் பாசிடிவ் ரிப்போர்ட்டோடு நிற்கும் 92 பேரில் 82 பேருக்கு உண்மை, கிட்டத்தட்ட 90 சதவீதம். அதே கணக்கை 25 வயதில் போடுங்கள். உண்மையாக இருப்பவர்கள் 10 அல்லது 11 பேர், தவறாக வருபவர்கள் 10 பேர். பாசிடிவ் வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றுமே இல்லை!

அதாவது ஒரே சோதனை, ஒரே இயந்திரம், ஆனால் வயது கூடினால் அதன் பாசிடிவை நம்பலாம், வயது குறைந்தால் நம்புவது கஷ்டம். எனக்கு இதில் பிடித்த இடமே இதுதான். ஆனாலும் 38 வயதிலும் 92-இல் 10 பேருக்குப் பொய் என்பதை மறக்கக் கூடாது. சோதனை பார்ப்பது நஞ்சுக்கொடியின் டிஎன்ஏ, சில சமயம் கோளாறு நஞ்சுக்கொடியில் மட்டும் இருக்கும், குழந்தையில் இருக்காது. அதனால் பாசிடிவ் வந்தால் 15 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரை எடுத்து உறுதி செய்துகொள்ளாமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. நெகடிவ் வந்தால் கிட்டத்தட்ட நிம்மதியாக இருக்கலாம், வெறும் வயதைக் காரணம் காட்டி ஊசி போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. 35-ஆம் கோடு பிறந்த காரணமே இதோடு போய்விடுகிறது.

இனி இரண்டாவது விஷயம், ரத்தக்குழாய். இளம் பெண் ஒருவரின் கருமுட்டையைத் தானமாகப் பெற்று 44 வயதில் கருத்தரித்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். குரோமோசோம் அபாயம் தானம் கொடுத்தவரின் வயதுப்படி இறங்கிவிடும். ஆனால் பிபி ஏறும் அபாயம் இறங்காது, ஏனென்றால் கருப்பையும் ரத்தக்குழாய்களும் இவருடையவை.

கர்ப்பத்தின் முதல் பாதியில் நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பையின் சின்னஞ்சிறு ரத்தக்குழாய்களுக்குள் புகுந்து, அவற்றை அகலமான வாய்க்கால்களாக மாற்றுகின்றன. இந்த வேலை அரைகுறையாக நின்றால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாமல், 20 வாரத்துக்குப் பிறகு தாய்க்குப் பிபி ஏறி, சிறுநீரில் புரதம் இறங்கும். இதுதான் ப்ரீஎக்லாம்ப்சியா. 40 தாண்டியவர்களுக்கு இது ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம். இங்கே உருப்படியாகச் செய்ய ஒன்று இருக்கிறது, குறைந்த அளவு ஆஸ்பிரின். 12 வாரத்தை ஒட்டி, 16 வாரத்துக்குள் தொடங்க வேண்டும், வாய்க்கால் வேலை முடிந்த பிறகு தொடங்கிப் பெரிய பயன் இல்லை. 2017-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், அபாயம் அதிகம் என்று கண்டறியப்பட்ட பெண்களுக்கு இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தபோது, 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வைக்கும் வகை ப்ரீஎக்லாம்ப்சியா 62 சதவீதம் குறைந்தது. அமெரிக்க வழிகாட்டுதலில் 35 வயது ஒரு மிதமான காரணம், தலைப்பிரசவம் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தாலே மாத்திரை, ஆகவே நம் 38 வயதுக்காரர் பட்டியலில் வந்துவிடுகிறார். பிரிட்டனில் வயதை 40-லிருந்துதான் கணக்கில் எடுக்கிறார்கள். கடையில் தானாக வாங்கிச் சாப்பிடும் மாத்திரை இல்லை இது, ஆனால் 12 வாரத்தில் டாக்டர் பேச்சையே எடுக்காவிட்டால் நாமே கேட்டுவிடலாம்.

சர்க்கரையும் வயதோடு ஏறும், அதற்கு எல்லோருக்கும் போலவே 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனை. உடல் எடை அதிகம், குடும்பத்தில் சர்க்கரை என்று வேறு காரணமும் இருந்தால் முன்னதாகவே பார்ப்பார்கள். 20-ஆம் வார ஸ்கேனை நிதானமாக, விரிவாகச் செய்வார்கள். கடைசி மூன்று மாதங்களில் குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்க இன்னொரு ஸ்கேன் சேரும். நடுவில் மாறுவது இவ்வளவுதான்.

அப்புறம் கடைசி வாரங்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே குழந்தை வயிற்றிலேயே இறந்துபோவது அரிதாக நடக்கிறது, நாள் தள்ளிப்போகப் போக அந்த வாய்ப்பு எல்லா வயதிலும் கூடும். 39, 40 வாரங்களில் இது 35-க்குக் கீழே உள்ளவர்களுக்கு 1000-க்கு சுமார் 1, 40-க்கு மேல் சுமார் 2. வேறு விதமாகச் சொன்னால், 40 வயதுக்காரரின் 39-ஆம் வாரம், இருபதுகளின் பிற்பகுதியில் இருப்பவரின் 41-ஆம் வாரத்துக்குச் சமம். 41 வாரம் தாண்டினால் எந்த வயதுக்காரருக்கும் வலி வர மருந்து கொடுக்கிறோம் இல்லையா, அதே வேலையை இவருக்கு இரண்டு வாரம் முன்னால் செய்கிறார்கள்.

மருந்து கொடுத்து வலி வரவைத்தால் கடைசியில் சிசேரியனில்தான் போய் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். இதைச் சோதிக்கவே பிரிட்டனில் 35 வயதுக்கு மேல் தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த 619 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 39-ஆம் வாரத்தில் வலி வரவைத்தார்கள், மற்றவர்களை இயல்பாக விட்டார்கள். 2016-இல் முடிவு வந்தது: சிசேரியன் வலி வரவைத்த பிரிவில் 32 சதவீதம், இயல்பாக விட்ட பிரிவில் 33 சதவீதம். வித்தியாசமே இல்லை. ஆனால் குழந்தை இறப்பு குறைகிறதா என்று காட்ட 619 பேர் போதாது, அதற்குப் பல ஆயிரம் பேர் வேண்டும். அதனால்தான் 40 ஆனவர்களுக்கு 39-ஆம் வாரத்தை எடுத்துச் சொல்கிறார்கள், 38 வயதுக்காரரிடம் எண்களைக் காட்டிப் பேசி முடிவெடுக்கிறார்கள். வயதை மட்டும் சொல்லி நேரே சிசேரியனுக்கு நாள் குறித்தால், "வேற என்ன காரணம் டாக்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

காத்திருப்பதாக முடிவு செய்தால், இடைப்பட்ட நாட்களில் குழந்தையின் அசைவைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். வழக்கமாக ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உதைத்துக்கொண்டே இருக்கும் குழந்தை ஒருநாள் அடங்கிக் கிடந்தால், நாளை மறுநாள் செக்கப் இருக்கிறதே என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே, நடுராத்திரியானாலும், போய் இதயத்துடிப்பைப் பார்த்துவிட வேண்டும். இது 25 வயதுக்காரருக்கும் அப்படியே பொருந்தும்.